சமையல் மாஸ்டர் கப்பலுக்குப் போக: எந்தப் பேப்பர் முதலில், எது கடைசியில்

கல்யாண மண்டபத்திலோ, மெஸ்ஸிலோ, சின்ன ஹோட்டலிலோ பல வருடம் சமைத்துவிட்டு, இப்போது ஸ்டார் ஹோட்டல் கிச்சனுக்கும் அங்கிருந்து க்ரூஸ் கப்பலுக்கும் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிகிரி படித்த பிள்ளைகளுக்குக் கல்லூரியே வழி சொல்லிவிடும். பத்தாவது முடித்துவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தவர்களுக்குத்தான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. ஒரு ஏஜெண்ட் ஒன்று சொல்வார், பயிற்சி மையக்காரர் வேறொன்று சொல்வார், கப்பலில் இருக்கும் சொந்தக்காரர் அவர் போன காலத்துக் கதையைச் சொல்வார். நானும் இப்படித்தான் அலைந்து கப்பலேறினேன். இதில் பணத்தை விட வரிசைதான் முக்கியம். கடைசியில் எடுக்க வேண்டிய சான்றிதழை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, வேலை கிடைக்காமல் அது காலாவதியாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர்.

1. முதலில் பெயரைச் சரி செய்யுங்கள்

சமையலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். ஆனால் நம் ஊர்க்காரர்களை அதிகம் தடுக்கி விழ வைப்பது இந்த இனிஷியல்தான். பத்தாவது மார்க் ஷீட்டில் 'செல்வம் மு' என்று இருக்கும், ஆதாரில் 'மு செல்வம்', பேங்கில் 'செல்வம் முருகன்', பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வெறும் 'செல்வம்'. நான்கும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில், பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் FNU அச்சாகும். அதனால் விசா செல்லாமல் போகாது, ஆனால் டிக்கெட்டிலும் கம்பெனி பதிவிலும் பெயர் ஒத்துப் போகாமல் தலைவலி வரும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகமும் 2022 முதல் சொல்லியிருக்கிறது. துபாய் வழியாகக் கப்பலேறப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே காலியாக எடுத்திருந்தால் மறுபடி விண்ணப்பித்து மாற்றுங்கள். சாதாரண முறையில் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கலில் அதற்கு மேல் 2,000. அதன் பிறகு ஆதார், பான், பேங்க், ஹோட்டலில் சேரும்போது நிரப்பும் படிவம், பி.எஃப் கணக்கு எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மாற்றிக்கொண்டு வாருங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் சுருக்கமாக இருந்தால் பெரும்பாலும் நோட்டரி அஃபிடவிட்டோடு ஒப்பேறிவிடும். எழுத்துப் பிழையோ பிறந்த தேதி மாறுபாடோ இருந்தால் அப்படிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பள்ளி வழியாகத் திருத்த விண்ணப்பம் போடுங்கள், அது இழுக்கும், அதனால்தான் முதலில் வைத்தேன்.

இன்னொன்று, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பத்தாவது சான்றிதழைச் சேர்க்க மறக்காதீர்கள். அதைக் காட்டினால்தான் குடியேற்றச் சோதனை தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைக்கும்.

2. படிப்பு: எது உண்மையான டிப்ளமோ

பத்தாவது முடித்தவருக்கு நல்ல வழிகள் இரண்டு. ஒன்று, ஐ.டி.ஐ-யில் 'ஃபுட் புரொடக்‌ஷன் ஜெனரல்' என்ற ஒரு வருடப் பிரிவு. அரசு ஐ.டி.ஐ என்றால் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தமிழக அரசு தருகிறது. எல்லா ஐ.டி.ஐ-யிலும் இந்தப் பிரிவு இல்லை, சேர்க்கை அறிவிப்பில் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, தேசிய ஹோட்டல் மேனேஜ்மென்ட் கவுன்சிலின் கீழ் வரும் நிறுவனங்கள் நடத்தும் ஒன்றரை வருடக் கைவினைப் படிப்பு. சமையலும் பேக்கரியும் சேர்ந்தது, கடைசி ஆறு மாதம் ஹோட்டலில் தொழிற்பயிற்சி. பன்னிரண்டாவது முடித்திருந்தால் அதே கவுன்சிலின் ஒன்றரை வருட 'டிப்ளமோ இன் ஃபுட் புரொடக்‌ஷன்' இருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் இந்தக் கவுன்சிலோடு இணைந்த நிறுவனங்கள் உள்ளன. எந்த வருடம் எந்தப் படிப்பு நடக்கிறது என்று நேரில் கேட்டுவிடுங்கள், விசாரிக்கச் சரியான காலம் மே, ஜூன்.

தனியார் நிறுவனங்களில் நல்லவையும் உண்டு. ஆனால் சேருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'மார்க் ஷீட் யார் பெயரில் வரும்?' பல்கலைக்கழகமோ, தேசியக் கவுன்சிலோ, அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறையோ என்றால் சரி. நிறுவனத்தின் சொந்த லோகோவும் 'சர்வதேச' என்ற வார்த்தையும் மட்டும்தான் என்றால் அது வெறும் பங்கேற்புச் சான்றிதழ். போன வருட மாணவரின் மார்க் ஷீட் நகலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்க முடியாத குடும்பஸ்தர்களுக்கு ஆர்.பி.எல் என்று ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை. சுற்றுலா, விருந்தோம்பல் துறைக்கான திறன் கவுன்சில் தேர்வு வைக்கிறது. சில நாள் வகுப்பு, பிறகு செய்முறை, அவ்வளவுதான். இதைப் பற்றி என் கருத்து: ஹோட்டலில் நுழைய இது உதவும், ஹெச்.ஆர் கோப்பில் வைக்க ஒரு பேப்பர் ஆகும். கப்பல் இன்டர்வியூவில் இதை டிப்ளமோவுக்குச் சமமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அங்கே அந்தக் குறையை அனுபவச் சான்றிதழால்தான் ஈடு கட்ட வேண்டும்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் ஃபோஸ்டாக் பயிற்சியையும் முடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலைதான், சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும்.

3. ஹோட்டல் டிரையல்: சுவை மட்டும் போதாது

டிப்ளமோ இல்லாத நல்ல கைக்காரரை ஹோட்டலில் எடுக்க மாட்டார்கள் என்பது பொய். இந்தியன் கிச்சனுக்கும் தந்தூருக்கும் சவுத் இந்தியன் செக்‌ஷனுக்கும் டிரையல் வைத்து எடுக்கத்தான் செய்கிறார்கள். டிரையலில் என்ன பார்க்கிறார்கள் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

சிவகங்கைப் பக்கத்து மாஸ்டர் ஒருவர், ஆயிரம் பேர் பந்திக்குக் கண்ணளவில் உப்புப் போடுகிற ஆள், சென்னையில் ஒரு ஹோட்டல் டிரையலுக்குப் போனார். செட்டிநாட்டுக் கோழியும் ஒரு காய்கறிக் கூட்டும் செய்யச் சொன்னார்கள். கோழி அருமையாக வந்தது. ஆனால் கொதிக்கிற குழம்பைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார், கையைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டு அதே கையால் கொத்தமல்லி தூவினார். செஃப் தட்டைத் தொடவே இல்லை. இரண்டாவது ஹோட்டலுக்குப் போகும்போது அவருக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: சுவை பார்க்கத் தனி ஸ்பூன், ஒரு முறை வாயில் வைத்தால் அது கழுவப் போக வேண்டும். வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டு நகராமல் வையுங்கள். பச்சை இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, மீனுக்கு நீலம், சாலட்டுக்கும் பழத்துக்கும் பச்சை. ஒரு வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்த பிறகே அடுத்தது. வெங்காயத் தோலும் காய்கறிக் கழிவும் தனியாக ஒரு பாத்திரத்தில் இருக்கட்டும், எவ்வளவு வீணாக்குகிறீர்கள் என்று அதில்தான் பார்ப்பார்கள். அந்தக் கோழியையே இரண்டாவது ஹோட்டலிலும் செய்தார், எடுத்துக்கொண்டார்கள்.

சம்பளத்தில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. முகூர்த்த நாளில் நல்ல கூலி வாங்கிப் பழகிய மாஸ்டர், ஹோட்டலில் கமி என்ற அடிமட்டப் பதவியில்தான் நுழைவார். கமி 3, 2, 1 என்று மேலே போய், டெமி செஃப், பிறகு ஒரு செக்‌ஷனுக்குப் பொறுப்பான செஃப் டி பார்ட்டி என்று படிகள். வீட்டில் இதை முன்கூட்டியே பேசி, ஒன்றிரண்டு வருடம் குறைந்த வருமானத்தில் ஓட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

4. அனுபவச் சான்றிதழ்: இதுதான் தங்கம்

க்ரூஸ் கம்பெனிகள் கிச்சன் வேலைக்குப் பொதுவாக நான்கு, ஐந்து நட்சத்திர ஹோட்டலிலோ பெரிய கேட்டரிங் நிறுவனத்திலோ ஒன்றிரண்டு வருட அனுபவம் கேட்கும். கல்யாண சமையலில் இருபது வருடம் என்று சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் சரிபார்க்கப் பேப்பர் இல்லை.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: ஹோட்டல் லெட்டர்ஹெட், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, எந்த செக்‌ஷன், கையெழுத்துப் போட்டவரின் பெயரும் பதவியும் சரிபார்க்க ஒரு போன் நம்பரும். 'கிச்சன் ஸ்டாஃப்' என்று மொட்டையாக எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். வேலையை விட்ட பிறகு போய்க் கேட்டால் இழுத்தடிப்பார்கள், நோட்டீஸ் பீரியட் ஓடும்போதே கையில் வாங்குங்கள். பி.எஃப் பாஸ்புக்கையும் இறக்கி வையுங்கள். கடிதத்தில் உள்ள தேதியும் பி.எஃப் பதிவும் ஒத்துப் போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். போலி அனுபவக் கடிதம் அச்சடித்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். கம்பெனி ஒரு போன் போட்டாலே கதை முடிந்துவிடும், அப்புறம் அதே ஏஜென்சி வழியாக வேறெங்கும் போக முடியாது.

நம்மவர்கள் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. தோசைக் கல்லிலேயே இரண்டு வருடம் நின்றால் கடிதத்தில் 'சவுத் இந்தியன் குக்' என்றுதான் வரும். கப்பலில் இந்தியச் சமையலுக்கு இடம் உண்டு, பயணிகளுக்கும் ஊழியர் மெஸ்ஸுக்கும் தேவைப்படுகிறது, ஆனால் அந்த இடங்கள் குறைவு. ஹாட் கிச்சன், குளிர் பதார்த்தங்கள் செய்யும் கார்ட் மாஞ்சே, புட்சரி, பேக்கரி இதில்தான் ஆள் எடுப்பு அதிகம். ஆகவே சேர்ந்து ஆறு மாதம் ஆனதும் செஃபிடம் போய், 'செஃப், மதிய ஷிஃப்ட் முடிஞ்சு ரெண்டு மணி நேரம் கான்டினென்டல்ல நிக்கட்டுமா?' என்று கேளுங்கள். கூலியில்லாமல் நிற்க வேண்டியிருக்கும். நின்றால் ஐந்து மூல சாஸ்களும் ஸ்டாக் காய்ச்சும் விதமும் வெட்டு வகைகளின் பெயரும் தானாகவே பழகிவிடும். இன்டர்வியூவில் கேட்பதும் இவைதான்.

5. ஏஜென்சியும் இன்டர்வியூவும்

இந்தியாவிலிருந்து கப்பலுக்கு ஆள் அனுப்ப, மத்திய அரசின் கப்பல் துறை அமைப்பான டிஜி ஷிப்பிங் தரும் ஆர்பிஎஸ்எல் என்ற உரிமம் வேண்டும். ஏஜென்சியின் உரிம எண்ணைக் கேட்டு, டிஜி ஷிப்பிங் இணையதளப் பட்டியலில் அது இருக்கிறதா, இன்னும் நடப்பில் உள்ளதா என்று நீங்களே பாருங்கள். உரிமம் வைத்திருக்கும் கம்பெனியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இடைத்தரகர் பேசுவது சகஜம். பட்டியலில் உள்ள நம்பருக்கே போன் செய்து, 'இந்தக் கம்பெனிக்கு இப்ப ஆள் எடுக்கறீங்களா?' என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

பணம் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. கடல் தொழிலாளர் ஒப்பந்தம் 2006-இல் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. அதன்படி வேலை வாங்கித் தருவதற்கு ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் இவற்றின் செலவு மட்டுமே நம்முடையது. விசாச் செலவு கப்பல் முதலாளியுடையது, முதலில் நம்மைக் கட்டச் சொல்லிவிட்டுப் பிறகு திருப்பித் தருவதும் உண்டு. என்னிடமும் சென்னையில் ஓர் இடத்தில் 'ப்ராசசிங்' என்று பெரிய தொகை கேட்டார்கள், ரசீது தர முடியாதாம். ரசீது இல்லாத தொகைக்கு ஒரே பதில், கும்பிடு போட்டுவிட்டு வெளியே வருவது.

இன்டர்வியூ ஆங்கிலத்தில் இருக்கும். மார்லின்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வைப் பல கம்பெனிகள் வைக்கின்றன, கேட்டுப் பதில் சொல்வதும் படித்துப் புரிந்துகொள்வதும் வரும். இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல், நீங்கள் செய்கிற மூன்று டிஷ்களை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சுகாதாரக் கேள்வி கட்டாயம் வரும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் அந்நாட்டுச் சுகாதாரத் துறை திடீர்ச் சோதனை நடத்தி நூற்றுக்கு மதிப்பெண் போடும், 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. அதனால் சில எண்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்: குளிர் உணவு 5 டிகிரி செல்சியஸுக்குள், சூடான உணவு 57-க்கு மேல். சமைத்ததை ஆற வைக்கும்போது 57-லிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்தில், அங்கிருந்து 5-க்கு அடுத்த நான்கு மணி நேரத்தில் வர வேண்டும். அண்டாவோடு அப்படியே மூடி வைத்தால் சாம்பார் ஒரு நாளும் அந்த நேரத்துக்குள் ஆறாது. ஆழமில்லாத தட்டுகளில் பரப்பியோ பனிக்கட்டிக் குளியலில் வைத்தோ ஆற வைப்பேன் என்று சொன்னால் இவர் வேலை தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்கள்.

6. கடல் சான்றிதழ்கள்: வேலை உறுதியான பிறகு

இங்கேதான் வரிசை தவறுகிறது. பயிற்சி மையங்கள் 'முதலில் எஸ்டிசிடபிள்யூ முடிங்க, கப்பல் தானா வரும்' என்பார்கள். எஸ்டிசிடபிள்யூ என்பது கப்பலேறுபவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ். ஹோட்டல் அனுபவம் இல்லாத கையில் அது இருந்து ஒன்றும் ஆகாது. அதிலும் தீயணைப்பு, உயிர் பிழைக்கும் பயிற்சிகளை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஆஃபர் லெட்டரோ, குறைந்தது இன்டர்வியூ தேர்வோ கைக்கு வந்த பிறகு இறங்குங்கள். சில கம்பெனிகள் இன்டர்வியூவுக்கே இவற்றைக் கேட்கும். அப்படியானால் ஹோட்டலில் இரண்டாவது வருடம் ஓடும்போது லீவு போட்டு முடித்துவிடலாம்.

பாஸ்போர்ட்டை வைத்து முதலில் இண்டோஸ் என்கிற கடலோடிப் பதிவு எண் எடுக்க வேண்டும், அது இல்லாமல் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள். பிறகு டிஜி ஷிப்பிங் அங்கீகரித்த மையத்தில் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகள் நான்கு: கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர்ப் பாதுகாப்பும் பொறுப்பும். கூடவே கப்பல் காவல் பற்றிய குறும்பயிற்சி ஒன்று. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு வாரம், வெளியூர்க்காரர்கள் தங்கும் செலவையும் கணக்கில் வையுங்கள். இவை முடிந்த பிறகுதான் சிடிசி என்கிற கடலோடிப் புத்தகத்துக்கு விண்ணப்பம். அது பத்து வருடம் செல்லும்.

இரண்டு பொறிகள். முதலாவது, 'இந்திய சிடிசி லேட்டாகும், வேற நாட்டு சிடிசி பத்து நாள்ல வாங்கித் தர்றேன்' என்பவர். அதை வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள்தான். இரண்டாவது, சரக்குக் கப்பல் சமையல் படிப்பை க்ரூஸுக்கு என்று சொல்லி விற்பது. சரக்குக் கப்பலில் இருபதிருபத்தைந்து பேருக்கு ஒரே சமையல்காரர், அவருக்குக் கப்பல் சமையல்காரர் தகுதிச் சான்றிதழ் வேண்டும், அதற்கென்று ஆறு மாத மரைன் கேட்டரிங் படிப்பு இருக்கிறது. அது நல்ல வேலைதான், ஆனால் வேறு வழி. க்ரூஸ் கப்பல் கிச்சனில் கமியாகச் சேர அது தேவையில்லை.

7. மருத்துவம், ஊசி, விசா

மெடிக்கலில் கழித்துவிடப்பட்டால் அதுவரை செலவழித்தது எல்லாம் போச்சு. அதனால் எஸ்டிசிடபிள்யூ பணம் கட்டும் முன்பே உள்ளூர் லேபில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹெபடைடிஸ் பி, வயிற்று ஸ்கேன் பார்த்துவிடுங்கள். பித்தப்பையில் கல் இருந்தால் பல கம்பெனிகள் சிகிச்சை முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பும். சொத்தைப் பல்லையும் இப்போதே அடைத்துவிடுங்கள். முறையான பரிசோதனையை டிஜி ஷிப்பிங் அங்கீகரித்த டாக்டரிடமோ கம்பெனி சொல்லும் மருத்துவமனையிலோதான் செய்ய வேண்டும், அதிகபட்சம் இரண்டு வருடம் செல்லும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது, சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடங்களில்தான். முன்பதிவு வேண்டும். போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், ஆகவே கிளம்பும் வாரத்தில் போய் நிற்காதீர்கள். பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும்.

அமெரிக்கக் கடலில் ஓடும் கப்பல் என்றால் கப்பல் ஊழியர்களுக்கான சி1/டி விசா வேண்டும். கட்டணம் 185 டாலர். கம்பெனிக் கடிதம் இல்லாமல் போகவே கூடாது. விசாவுக்கு நிரப்பும் DS-160 படிவத்தில் பழைய வேலைகளின் தேதியும் உங்கள் அனுபவக் கடிதத்தின் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். காவல்துறை நற்சான்றிதழை பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாய்க்கு எடுக்கலாம், கம்பெனி கேட்ட பிறகு எடுங்கள், பழசானால் திரும்பக் கேட்பார்கள்.

8. கான்ட்ராக்ட் கையெழுத்து

கிச்சன் ஊழியர்களுக்குப் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம். ஊருக்குத் திரும்பி அடுத்த கான்ட்ராக்ட் வரும் வரை பெரும்பாலும் சம்பளம் இல்லை, எனவே மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் கடன் வாங்காதீர்கள். வாரத்தில் ஏழு நாளும் வேலைதான், ஆனால் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும் வாரத்தில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்பது சட்டம். பதவி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். குக் என்று பேசிவிட்டு, பேப்பரில் பாத்திரம் கழுவும் யூட்டிலிட்டி என்று இருந்தால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள், ஏறிய பிறகு மாற்றுவது கஷ்டம். விமான டிக்கெட் போக, வர யார் பொறுப்பு, நடுவில் உடம்பு சரியில்லாமல் இறங்கினால் என்ன என்ற பத்திகளைப் படித்துவிட்டு ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

கிளம்பும் நாளில் பாஸ்போர்ட், சிடிசி, மருத்துவச் சான்றிதழ், எஸ்டிசிடபிள்யூ, மஞ்சள் காய்ச்சல் அட்டை, கான்ட்ராக்ட் எல்லாவற்றின் ஒரிஜினலும் கைப்பையில். கத்தி செட் மட்டும் செக்-இன் பெட்டியில்.